புகாரே வராத வட்டாரம்: ஒரு நுண்கடன் நிறுவனத்தில் நடத்தைத் தணிக்கை

காவிரி டெல்டாவில் நான்கு வட்டாரங்களில் 40 கிளைகள் வைத்திருக்கும் ஒரு நுண்கடன் நிறுவனம். பெண்கள் குழுக்களுக்குக் கடன் கொடுத்து வாராவாரம் தவணை வாங்குவது அதன் தொழில். வட்டாரத்துக்கு 10 கிளை, சுமார் 90 ஊழியர்கள். நான்கில் மன்னார்குடி வட்டாரத்தைத்தான் நிர்வாகம் மற்றவர்களுக்கு உதாரணமாகக் காட்டும். வசூல் அங்கேதான் அதிகம். மனிதவளத் துறை பிப்ரவரியில் எடுத்த ஊழியர் திருப்திக் கணக்கெடுப்பிலும் முதலிடம் அதற்குத்தான். இரண்டு வருடத்தில் நிறுவனம் முழுக்க 39 நடத்தைப் புகார்கள் பதிவாகியிருந்தன. தஞ்சாவூர் வட்டாரத்தில் 14, கும்பகோணத்தில் 11, நாகப்பட்டினத்தில் 13. மன்னார்குடியில் ஒன்றே ஒன்று.

இது ஏதோ ஒரு குறிப்பிட்ட நிறுவனத்தின் கதை இல்லை. இப்படியான தணிக்கை எப்படி நடக்கும், எங்கே சிக்கும் என்று காட்டுவதற்காக அமைத்த மாதிரி நிகழ்வு. எண்களும் அதற்காக அமைத்தவையே. சட்ட விவரங்கள் மட்டும் உள்ளபடியே.

இயக்குநர் குழு உள்தணிக்கைப் பிரிவிடம் கேட்டது நேரான கேள்வி: “மன்னார்குடியில் என்ன சரியாகச் செய்கிறார்கள்? அதை மற்ற வட்டாரங்களுக்கும் கொண்டுபோக முடியுமா?”

அந்த ஒற்றைப் புகார்

நான்கு வட்டாரத்திலும் ஆள் எண்ணிக்கை ஏறக்குறைய ஒன்றுதான். 39 புகார்களும் சமமாகப் பரவினால் வட்டாரத்துக்குச் சுமார் பத்து வர வேண்டும். வெறும் தற்செயலால் ஒரு குறிப்பிட்ட வட்டாரத்தில் ஒன்றோ, அதற்கும் குறைவாகவோ வருவதற்கு பத்தாயிரத்தில் இரண்டு தடவைதான் வாய்ப்பு உண்டு. ஆகவே அங்கே ஏதோ வேறாக இருக்கிறது என்பது நிச்சயம். ஆனால் அது நல்லதா கெட்டதா என்று இந்த எண் சொல்லாது. தப்பு நடக்காத இடத்திலும் புகார் வராது, வாய் திறக்க முடியாத இடத்திலும் புகார் வராது. பதிவேட்டில் இரண்டும் ஒரே மாதிரிதான் தெரியும். இந்தத் தணிக்கை முழுவதும் அந்த இரண்டையும் பிரித்துப் பார்க்கும் வேலைதான்.

முதலில் அந்த ஒற்றைப் புகாரின் கோப்பை எடுத்தார்கள். ஒரு களப் பணியாளர் உதவி எண்ணுக்குக் கூப்பிட்டு, தவணை வராத நாளில் கிளை மேலாளர் ஊழியர்களை இரவு வரை உட்கார வைக்கிறார் என்று சொல்லியிருக்கிறார். தலைமை அலுவலகம் அதை விசாரணைக்காக வட்டார மேலாளருக்கே அனுப்பியிருக்கிறது. அந்தக் கிளை மேலாளரின் மதிப்பீட்டை எழுதுபவர் அவர்தான். கிளையின் வசூல் குறைந்தால் பதில் சொல்ல வேண்டியவரும் அவர்தான். நான்காம் நாள் “பேசித் தீர்க்கப்பட்டது” என்று எழுதிக் கோப்பை மூடிவிட்டார்கள். ஏழு வாரம் கழித்து, நவம்பரில், புகார் சொன்னவருக்கு வேதாரண்யம் பக்கம் இடமாற்றம் வந்தது. அடுத்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டார்.

இடமாற்றத்தைப் பார்த்த உடனே பழிவாங்கல் என்று எழுதிவிடக் கூடாது. நுண்கடன் நிறுவனங்களில் இடமாற்றம் வாடிக்கை. ஒரே ஆள் ஒரே குழுக்களோடு ரொம்ப நாள் பழகினால் மோசடிக்கு வழி உண்டு என்பதால், குறிப்பிட்ட காலத்துக்கு ஒரு முறை மாற்றியே ஆக வேண்டும் என்று விதியே வைத்திருப்பார்கள். ஆகவே தணிக்கையாளர்கள் மூன்று விஷயம் பார்த்தார்கள். வழக்கமான இடமாற்றம் ஏப்ரலில் நடக்கும், இது நவம்பர். போன இடத்தில் காலியிடம் இருந்ததா என்றால், இல்லை. அவர் கேட்டு வாங்கிய மாற்றமா என்றால், விண்ணப்பமே இல்லை. மூன்றும் சேர்ந்தபோது “விளக்கம் தேவைப்படும் இடமாற்றம்” என்று எழுதினார்கள். நோக்கம் என்ன என்று கோப்பு சொல்லாது. அதனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை எழுதவில்லை.

அப்புறம் புகார்ப் பதிவேட்டுக்கு வெளியே தேடினார்கள். ஊழியரின் குறை எப்போதும் “புகார்” என்ற பெயரோடு வருவதில்லை. இடமாற்றம் கேட்டு எழுதும் கடிதத்தில் ஒரு வரியாக இருக்கும். ராஜினாமாக் கடிதத்தில் “சொந்தக் காரணம்” என்று இருக்கும். வாடிக்கையாளர் உதவி எண்ணில், ராத்திரி எட்டு மணிக்கு வீட்டு வாசலில் வந்து நிற்கிறார்கள் என்று ஒரு பெண் சொல்லியிருப்பார். மன்னார்குடியில் ஒரு வருடத்தில் 90 பேரில் 38 பேர் வேலையை விட்டிருந்தார்கள். மற்ற மூன்று வட்டாரத்திலும் சராசரி 21. சந்தோஷமாக இருப்பதாகச் சொல்லும் வட்டாரத்திலிருந்துதான் அதிகம் பேர் கிளம்புகிறார்கள்.

கணக்கெடுப்பு: எப்போது, யாருக்கு, எப்படிக் கேட்பது

பிப்ரவரியில் எடுத்த பழைய கணக்கெடுப்பில் இரண்டு கோளாறுகள் இருந்தன. ஒன்று, ஊழியர் எண்ணைப் போட்டு உள்ளே போக வேண்டும். யார் என்ன சொன்னார்கள் என்று யாரும் பார்க்கவில்லை என்றே வைத்துக்கொள்வோம். ஆனால் பார்க்க முடியும் என்று ஊழியருக்குத் தெரியும், அது போதும். இன்னொன்று காலம். டெல்டாவில் பிப்ரவரி என்றால் சம்பா அறுவடைக் காசு புழங்கும் நேரம். தவணை தானாக வரும், மேலாளரும் சிரித்துப் பேசுவார். ஐப்பசி, கார்த்திகையில் மழை பிடித்துக்கொண்டு, நடவும் களையெடுப்பும் முடிந்து, கூலி வேலை இல்லாத வாரங்களில்தான் குழுவில் இரண்டு பேர் வராமல் போவார்கள். அழுத்தம் இருக்கிறதா என்று தெரிய வேண்டுமானால் அப்போதுதான் கேட்க வேண்டும். தணிக்கையாளர்கள் நவம்பரைத் தேர்ந்தெடுத்தார்கள்.

ஊழியர் எண் இல்லாமல், வட்டாரத்துக்கு ஒரே இணைப்பு, சொந்த கைபேசியில் திறக்கலாம், பத்து நாள் அவகாசம் என்று வைத்தார்கள். எண் இல்லாததால் ஒரே ஆள் இரண்டு முறை பதில் போட வழி உண்டு. யார் இன்னும் போடவில்லை என்று பார்த்து ஞாபகப்படுத்தவும் முடியாது. அந்த நஷ்டத்தைத் தெரிந்தேதான் ஏற்றுக்கொண்டார்கள். கிளைக்கு ஒன்பது பேர்தான் என்பதால் கிளை வாரியாக முடிவு வெளியிடுவதில்லை, பத்துப் பேருக்குக் குறைவான எந்தப் பிரிவையும் காட்டுவதில்லை என்று முன்கூட்டியே எழுதிக் கொடுத்தார்கள். வட்டாரமும், வேலைக்கு வந்து இரண்டு வருடத்துக்கு மேலா கீழா என்பதும் தவிர வேறு அடையாளம் எதுவும் கேட்கவில்லை. ஆணா பெண்ணா, வயது, பதவி எல்லாம் சேர்த்துக் கேட்டால் சின்ன கிளையில் ஆள் யாரென்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லிவிடலாம்.

கேள்விகளிலும் மாற்றம் செய்தார்கள். “நம் நிறுவனத்தில் நேர்மைக்கு மதிப்பு உண்டா?” என்று கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். அதற்குப் பதிலாக, கண்ணால் பார்த்த செயல்களைக் கேட்டார்கள். வாடிக்கையாளர் கட்டாத தவணையை ஊழியர் தன் காசிலிருந்து கட்டியதை கடந்த 12 மாதத்தில் பார்த்தீர்களா? மாலை 6 மணிக்குப் பிறகு வசூலுக்காக வீட்டுக்குப் போனதைப் பார்த்தீர்களா? இந்த இரண்டாவது கேள்விக்கு அளவுகோல் ரிசர்வ் வங்கி 2022-இல் கொண்டுவந்த நுண்கடன் நெறிமுறை. வசூலுக்காக வாடிக்கையாளரைக் காலை 9 மணிக்கு முன்னும் மாலை 6 மணிக்குப் பின்னும் தொடர்புகொள்வதை அது கடுமையான வசூல் முறையாக எண்ணுகிறது. வழக்கமாகக் கூடும் இடத்துக்கு அவர் தொடர்ந்து இரண்டு முறையாவது வராமல் போனால்தான் வீட்டுக்கோ வேலை இடத்துக்கோ போகலாம். இப்படி ஒரு திட்டமான கோடு இருந்தால் “எங்க ஊர்ல இதெல்லாம் சகஜம்” என்று யாரும் தள்ளிவிட முடியாது.

பார்த்தேன் என்று சொன்னவரிடம் அடுத்த கேள்வி, யாரிடமாவது சொன்னீர்களா? சொல்லியிருந்தால் என்ன ஆனது? சொல்லவில்லை என்றால் ஏன்? என்னைக் கேட்டால், பார்த்ததற்கும் சொன்னதற்கும் உள்ள இந்த இடைவெளிதான் முழுக் கணக்கெடுப்பிலும் முக்கியமான எண்.

மன்னார்குடியிலிருந்து 62 பதில்கள் வந்தன. அதில் 19 பதில்கள் 24 வாக்கியங்களுக்கும் “முழுமையாக ஒப்புக்கொள்கிறேன்” என்று ஒரே கோடாகப் போட்டவை. வேண்டுமென்றே தலைகீழாக வைத்த இரண்டு வாக்கியங்களும் அந்த 24-இல் உண்டு. “தவறைச் சொன்னால் இங்கே எனக்குப் பாதிப்பு வரும்” என்பதற்கும் அதே பதில், “தயங்காமல் சொல்லலாம்” என்பதற்கும் அதே பதில். படிக்காமல் போட்டவை அவை. எப்போது போட்டார்கள் என்று பார்த்தால், 19-இல் 17 இரண்டாம் நாள் மாலை ஏழிலிருந்து எட்டு மணிக்குள். தவணை பாக்கி இருக்கும் நாட்களில் கிளைகளில் மாலைக் கூட்டம் நடக்கும் நேரம் அது.

மீதி 43 பேரில் 26 பேர் ஏதாவது ஒரு மீறலைப் பார்த்ததாகச் சொன்னார்கள். அவர்களில் யாரிடமாவது சொன்னவர்கள் மூன்றே பேர். கும்பகோணத்தில் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடிய 74 பதில்களில் 20 பேர் பார்த்தார்கள், 11 பேர் சொன்னார்கள். அந்த 19 பேரைக் கழித்தது நியாயமா என்று கேள்வி வரும், வர வேண்டும். ஆகவே அவர்களையும் சேர்த்து, 19 பேரும் எதையும் பார்க்கவில்லை என்றே வைத்து மறுபடி கணக்குப் போட்டார்கள். அப்போதும் 62-க்கு 26, அதாவது நூற்றுக்கு 42. கும்பகோணத்தில் நூற்றுக்கு 27. எந்தப் பக்கம் சாய்த்தாலும் முடிவு மாறவில்லை.

நேர்காணல்: “நேத்து காலையிலேர்ந்து சொல்லுங்க”

கணக்கெடுப்பு எங்கே என்று காட்டும், ஏன் என்று சொல்லாது. அதற்கு ஆட்களோடு உட்கார வேண்டும். யாரைப் பேச வைப்பது என்பதை வட்டார மேலாளரிடம் விட்டால் கிடைப்பது அவருடைய ஆட்கள்தான். சம்பளப் பட்டியலிலிருந்து சீட்டுக் குலுக்குவது போல் ஆளை எடுத்தாலும் சின்ன ஊரில் வேறு சிக்கல் வரும். யாருடைய வண்டி எங்கே நின்றது என்று மறுநாள் டீக்கடையிலேயே தெரிந்துவிடும். அதனால் ஆட்களைத் தேர்ந்தெடுக்காமல் கிளைகளைக் குலுக்கி எடுத்தார்கள். மூன்று கிளை, அதில் இருக்கும் எல்லோரையும், ஒவ்வொருவருக்கும் அதே 40 நிமிடம். ஒன்றும் சொல்லாதவரும் 40 நிமிடம் உள்ளேதான் இருப்பார். பேசியவர் யார் என்று வெளியே இருப்பவருக்குத் தெரியாது. ஒலிப்பதிவு இல்லை, குறிப்பில் பெயர் இல்லை.

முதல் கேள்வி எல்லோருக்கும் ஒன்றுதான். ஒரு களப் பணியாளர், வேலைக்குச் சேர்ந்து ஒன்றரை வருடம்:

“நேத்து காலையிலேர்ந்து என்னென்ன செஞ்சீங்கன்னு சொல்லுங்கம்மா.”

“ஒம்பதரைக்கு முதல் சென்டர் சார். பதினாலு பேர்ல ஒரு அக்கா வரல. மழைன்னு வேலை இல்ல அவங்களுக்கு. மத்தவங்ககிட்ட கேட்டேன், போன வாரமே அவங்களுக்கு நாங்க போட்டோம், இனிமே முடியாதுன்னுட்டாங்க.”

“அப்புறம்?”

“நானே என் போன்லேர்ந்து போட்டு விட்டுட்டேன்.”

“யாராவது போடச் சொன்னாங்களா?”

“யாரும் சொல்லல சார். சாயங்காலம் ஒரு ஓ.டி., ஒரே ஒரு தவணை பாக்கி இருந்தாகூட யாரும் வீட்டுக்குப் போக முடியாது. என்னால எட்டு பேர் உட்காந்திருக்கணும். அதுக்கு இது பரவால்லன்னு தோணும்.”

“யாரும் சொல்லல” என்பது மூன்று கிளையிலும் திரும்பத் திரும்ப வந்தது. ஆணை போட்டவர் யார் என்று தேடினால் கிடைக்க மாட்டார். எழுத்தில் எதுவும் இருக்காது. ஆனாலும் எல்லோரும் ஒரே காரியத்தைச் செய்வார்கள், புதிதாக வந்தவர் ஒரே மாதத்தில் பழகிக்கொள்வார். நிறுவனத்தின் கொள்கை ஆவணத்தைப் படித்து இதைக் கண்டுபிடிக்கவே முடியாது. அதில் கைக்காசு கட்டுவது தெளிவாகத் தடை செய்யப்பட்டிருந்தது.

வேலையை விட்டுப் போன ஐந்து பேரிடமும் தொலைபேசியில் பேசினார்கள். மனக்கசப்போடு போனவர்கள் கொஞ்சம் கூட்டித்தான் சொல்வார்கள். அதனால் அவர்கள் சொன்னதை ஆதாரமாக எடுக்காமல், எங்கே தேடலாம் என்ற துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டார்கள்.

ஒரு நேர்காணலில் ஒரு பெண் ஊழியர் ஒரு மேலாளரின் நடத்தை பற்றிப் பேச ஆரம்பித்தார். அது பாலியல் துன்புறுத்தல் பற்றிய விஷயம் என்று புரிந்ததும் தணிக்கையாளர் கேள்வி கேட்பதை நிறுத்திவிட்டார். பணியிடத்தில் பெண்கள் மீதான பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் வருடச் சட்டப்படி அதை விசாரிக்க வேண்டியது நிறுவனத்தின் உள்ளகக் குழு. புகார் கொடுக்கச் சாதாரணமாக மூன்று மாதம்தான் கெடு. தணிக்கையாளர் இன்னும் நான்கு கேள்வி கேட்டிருந்தால், பின்னால் நடக்கும் முறையான விசாரணைக்கே அது இடைஞ்சலாகியிருக்கும். குழுவின் வெளி உறுப்பினரை எப்படித் தொடர்புகொள்வது, கெடு எப்போது முடிகிறது என்று சொல்லி, போவதா வேண்டாமா என்ற முடிவை அவரிடமே விட்டார். அறிக்கையில் இதைப் பற்றி ஒரு வரி கிடையாது. இந்த இடத்தில் பல தணிக்கையாளர்கள் உதவுவதாக நினைத்துக்கொண்டு வரம்பு மீறுகிறார்கள். கண்டிப்பாகக் கூடாது.

வாய்ப்பேச்சைத் தரவில் சரிபார்த்தது

நேர்காணலில் கிடைத்தது ஒரு கருதுகோள்தான். ஊழியர்கள் சொன்னது உண்மையானால் அதன் தடம் வேறு எங்காவது இருக்க வேண்டும். முதலில் யூ.பி.ஐ. ரசீதுகள். பணம் கட்டியவரின் பெயரும் கடன்காரரின் பெயரும் வேறாக இருப்பது சாதாரணம்தான், கணவரோ மகனோ போட்டிருப்பார்கள். ஆனால் ஒரே பெயரிலிருந்து வேறு வேறு குழுக்களின் தவணை வந்தால் அது குடும்பத்தார் இல்லை. மூன்று மாத ரசீதை அப்படிப் பிரித்து, வந்த பெயர்களை ஊழியர் பட்டியலோடு ஒப்பிட்டார்கள். மன்னார்குடியின் பத்துக் கிளையில் எட்டில் ஊழியர் பெயர்கள் வந்தன. மற்ற வட்டாரங்களிலும் இல்லாமல் இல்லை, ஆனால் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான். கையில் பணமாகக் கட்டியதை இந்த வழியில் பிடிக்க முடியாது. ஆகவே உண்மை அளவு இதைவிடக் கூடுதல் என்று மட்டும் சொல்லலாம், எவ்வளவு கூடுதல் என்று சொல்ல முடியாது.

அடுத்தது, கிளையை விட்டுக் கிளம்பும் நேரம். வருகைப் பதிவு இயந்திரத்தில் அது இருக்கிறது. பாக்கி இல்லாத நாட்களில் எல்லோரும் ஆறேமுக்கால் வாக்கில் கிளம்பியிருக்கிறார்கள். ஒரு தவணை பாக்கி இருந்த நாட்களில் ஒன்பதரை. பிப்ரவரி, மார்ச்சில் இந்த வித்தியாசம் கிட்டத்தட்ட இல்லை. அக்டோபரிலிருந்து ஏறுகிறது.

கடைசியாக ஊக்கத்தொகைக் கணக்கு. கிளையின் வசூல் 99.5 சதவீதத்துக்குக் கீழே போனால் கிளை முழுவதற்கும் அந்த மாத ஊக்கத்தொகை பூஜ்யம். கொஞ்சம் குறைந்தால் கொஞ்சம் குறைவு என்ற பேச்சே இல்லை. மாசிக்கும் கார்த்திகைக்கும் ஒரே இலக்கு. ஆக, விளிம்பில் நிற்கும் கிளையில் வராத ஒரு தவணைகூட ஒன்பது பேரின் காசையும் பறிக்கும். கண்காணிக்க மேலாளரே தேவையில்லை, பக்கத்து மேசைக்காரரே போதும். நான்கு வட்டாரத்துக்கும் விதி இதுதான். மன்னார்குடியில் மட்டும் அது இவ்வளவு இறுகியதற்குக் காரணம், மாலைக் கூட்டத்தை அப்படி நடத்திய வட்டார மேலாளரும், அவரிடமே போய் முடிந்த புகார் வழியும்.

அறிக்கையும் எதிர்ப்பும்

வரைவு அறிக்கையைப் பார்த்ததும் நிர்வாகம் கேட்டது நேர்காணல் தந்தவர்களின் பெயர்ப் பட்டியல். நடவடிக்கை எடுக்க வேண்டாமா என்றார்கள். பெயர் தர மாட்டோம் என்பது தணிக்கை தொடங்கும் முன்பே இயக்குநர் குழு கையெழுத்திட்ட கடிதத்தில் இருந்ததால் பேச்சு அங்கேயே நின்றது. அந்தக் கடிதம் மட்டும் இல்லாமல் இருந்திருந்தால் கொடுத்தே ஆக வேண்டிய நிலை வந்திருக்கும்.

வட்டார மேலாளர் சொன்ன பதில் பொய் என்று நான் நினைக்கவில்லை. “என்கிட்ட யாரும் வந்து சொன்னதே இல்லையே” என்றார். உண்மைதான்.

அறிக்கையில் ஒவ்வொரு முடிவுக்கும் ஆதாரத்தின் பலத்தையும் சேர்த்து எழுதினார்கள். கைக்காசு கட்டுவது மூன்று வழியிலும் உறுதியானது. இரவில் வீட்டுக்குப் போவது கணக்கெடுப்பிலும் வாடிக்கையாளர் உதவி எண்ணிலும் தெரிந்தது. புகார் சொன்னவரைப் பழிவாங்கினார்களா என்பதற்கு இருப்பது ஒரே ஒரு சம்பவம், விளக்கம் தேவை, அவ்வளவுதான். வட்டாரத்தின் பண்பாட்டுக்கு நூற்றுக்கு இத்தனை என்று ஒரு மதிப்பெண் கேட்டார்கள், கொடுக்கவில்லை. மதிப்பெண் கொடுத்தால் அடுத்த வருடம் அந்த எண்ணை ஏற்றுவதே வேலையாகிவிடும், அதுவும் மாலைக் கூட்டத்தில் வைத்து.

இயக்குநர் குழு மூன்று மாற்றங்களை ஏற்றது. ஊக்கத்தொகை படிப்படியாகக் குறையும்படி மாற்றி, அக்டோபர் முதல் டிசம்பர் வரை இலக்கைத் தளர்த்தியது. புகார் எதுவும் சம்பந்தப்பட்டவரின் மேலதிகாரி வரிசைக்குப் போகாமல், இயக்குநர் குழுவின் தணிக்கைக் குழுத் தலைவருக்கு நேராகப் போகும்படி செய்தது. வங்கிகளிடமும் பொது நிதி நிறுவனங்களிடமும் 50 கோடி ரூபாய்க்கு மேல் கடன் வாங்கிய நிறுவனம் இப்படி ஒரு வழியை வைத்திருக்க வேண்டும் என்பது 2013 நிறுவனச் சட்டத்தின் 177-ஆம் பிரிவிலும் அதன் விதிகளிலும் ஏற்கெனவே இருப்பதுதான். இங்கே அது காகிதத்தில் மட்டும் இருந்தது. மூன்றாவது, பெயர் சொல்லிப் புகார் கொடுத்த ஒவ்வொருவரின் இடம், மதிப்பீடு, சம்பளம் மூன்றையும் மூன்றாம் மாதமும் ஆறாம் மாதமும் உள்தணிக்கை திரும்பப் பார்க்கும். வட்டார மேலாளர் மீதான விசாரணை தனியாக நடந்தது. அதில் தணிக்கையாளர்களுக்கு வேலை இல்லை.

அடுத்த வருடம்

ஆறு மாதத்தில் மன்னார்குடியிலிருந்து ஒன்பது புகார்கள் வந்தன. நிலைமை கெட்டுப்போய்விட்டது என்று ஒரு இயக்குநர் கவலைப்பட்டார். கேள்வி நியாயமானது, ஏனென்றால் புகார் கூடுவதற்கும் இரண்டு காரணம் இருக்கலாம். அடுத்த நவம்பரில் அதே கேள்விகளோடு எடுத்த கணக்கெடுப்பில் கணக்கில் எடுத்துக்கொள்ளக்கூடிய 71 பதில்கள் வந்தன. மீறலைப் பார்த்தவர்கள் 31, சொன்னவர்கள் 15. பார்த்தவர் விகிதம் நூற்றுக்கு 60-லிருந்து 44 ஆகக் குறைந்திருந்தது. பார்த்தவர்களில் சொன்னவர்கள் நூற்றுக்கு 12-லிருந்து 48 ஆக ஏறியிருந்தார்கள். நடப்பது குறைந்து, சொல்வது கூடியிருக்கிறது. ஒன்பது புகாரில் ஆறில் பெயர் இருந்தது.

வசூல் 99.6-லிருந்து 98.7 ஆனது. அந்த வித்தியாசத்தில் எவ்வளவு முன்பு ஊழியரின் பையிலிருந்து வந்தது, எவ்வளவு புதிதாகத் தளர்ந்தது என்று பிரித்துச் சொல்லும் அளவுக்குத் தரவு இல்லை என்று தணிக்கையாளர்கள் எழுதிக் கொடுத்தார்கள். 44 என்பதும் கும்பகோணத்தின் 27-க்குப் பக்கத்தில் வரவில்லை. மூன்று கிளைகளில் கார்த்திகையில் கிளம்பும் நேரம் மறுபடி எட்டரையைத் தாண்டியிருக்கிறது. புது வட்டார மேலாளருக்கு அந்த மூன்று கிளைகளின் பட்டியலை அனுப்பி, டிசம்பர் மாத யூ.பி.ஐ. ரசீதுகளைக் கேட்டிருக்கிறார்கள்.